மாமியாரைப் பார்த்துக்கொள்வதும் மோட்ச வழியா?

"திருவல்லிக்கேணியில் இருக்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை நான்தான் கவனிக்கிறேன். ஞானம் இல்லாமல் மோட்சம் இல்லை என்கிறார் உபன்யாசகர். சரணாகதி போதும் என்கிறாள் என் அக்கா. தியானத்துக்கு உட்காரவே நேரமில்லாத எனக்கு எது வழி?"

இருவரும் அவரவர் சம்பிரதாயப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள். உபன்யாசகர் பேசுவது அத்வைதம். உடம்பையும் மனத்தையும் 'நான்' என்று நினைக்கும் அறியாமைதான் பந்தம். அது அறிவால் மட்டுமே போகும் என்பார் சங்கரர். ஆனாலும் அவர் கர்மத்தை ஒதுக்கவில்லை. பலனை எதிர்பார்க்காத செயல் மனத்தைச் சுத்தமாக்குகிறது, அதன் பிறகே ஞானம் நிற்கும் என்கிறார். அக்கா சொல்வது விசிஷ்டாத்வைதம். அங்கே கர்மமும் ஞானமும் பக்திக்குத் துணை. பக்தி யோகம் கைகூடாதவருக்குச் சரணாகதி. சரணாகதி செய்தவரும் கடமையை விடுவதில்லை, அதையே கைங்கரியமாகச் செய்கிறார்.

எந்தப் பக்கம் போனாலும் உங்கள் கையில் இப்போது இருக்கும் வேலை மாறப்போவதில்லை. கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் கண்ணன் படிப்படியாக இறங்கி வருகிறான். மனத்தை என்னிடம் நிறுத்து; முடியாவிட்டால் பழகிப் பார்; அதுவும் முடியாவிட்டால் எனக்காகச் செயல்படு; அதுவும் முடியாவிட்டால் செய்வதன் பலனையாவது விட்டுவிடு. நேரமில்லாதவருக்கும் அதில் இடம் இருக்கிறது.

சரி, பலனை விடுவது எப்படி? படுக்கைப்புண் வராமலிருக்க மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். அது உங்கள் கர்மம். அதில் குறை வைக்கக் கூடாது. "எல்லாம் பெருமாள் பார்த்துப்பார்" என்று புரட்டாமல் விட்டால் அது தியாகமே இல்லை. மயக்கத்தால் கடமையை விடுவது தாமசம் என்று 18ஆம் அத்தியாயம் கறாராகச் சொல்கிறது. புண் ஆறுமா, மாமியார் ஒரு நல்ல வார்த்தை சொல்வாரா, பெங்களூரு நாத்தனார் போனில் பாராட்டுவாரா, இவைதான் பலன். விட வேண்டியது இவற்றை. ராத்திரி இரண்டு மணிக்குத் துணி மாற்றும்போது அவர் எரிந்து விழுகிறார், "நான்தானே எல்லாம் செய்யறேன்" என்று உள்ளே பொங்குகிறது என்றால், கை வேலை செய்கிறது, மனம் கணக்கு எழுதுகிறது என்று அர்த்தம். பொங்குவது தப்பில்லை, கவனித்தால் போதும். "இவ்வளவு செய்தால் மோட்சம் நிச்சயம்" என்பதும் அதே கணக்கில்தான் சேரும். ஒத்தாசைக்கு நர்ஸ் வைத்துக்கொள்வது கடமையை விடுவதாகாது.

சேவைக்கும் ஒரு எல்லை உண்டு. அத்வைத வழியில் அது மனத்தைப் பக்குவப்படுத்தும், ஞானத்தைத் தராது. அதற்கு ஒரு குருவிடம் முறையாக வேதாந்தம் கேட்க வேண்டும். மாமியார் தூங்கும் நேரத்தில் தினம் கொஞ்சம் கேட்கத் தொடங்கலாம். அக்கா வழி என்றால், உங்கள் குடும்பத்து ஆசாரியரிடம் சரணாகதியின் முறையைக் கேளுங்கள்; சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயம் அது வேறுபடும்.