ஐந்தாம் இடத்தில் ஓர் எழுத்து: பீட்டா குளோபின் எம்ஆர்என்ஏ சொல்லும் கதை

கேள்வி: எம்ஆர்என்ஏ உட்கருவை விட்டு வெளியேறுவதற்கு முன் தொப்பி, வால், இன்ட்ரான் நீக்கம் என்று மூன்று வேலைகள் நடப்பதாகப் படித்தேன். இவற்றில் ஒன்று பிசகினால் உண்மையில் என்ன ஆகும்?

பரம்பரை இரத்தசோகை நோயான தலசீமியாவுக்கான மரபணுப் பரிசோதனை என் அன்றாட வேலை என்பதால், ஹீமோகுளோபினின் ஒரு பாதியான பீட்டா குளோபினை வைத்தே பதில் சொல்கிறேன். இதன் மரபணு சிறியது. படியெடுக்கப்படும் ஆர்என்ஏவில் வால் நீங்கலாக ஏறத்தாழ 1,600 எழுத்துகள் உள்ளன. 130 எழுத்துகள் கொண்ட முதல் இன்ட்ரானும் 850 எழுத்துகள் கொண்ட இரண்டாம் இன்ட்ரானும் நீக்கப்பட்டபின் எஞ்சுவது சுமார் 626 எழுத்துகள்தான்.

ஆர்என்ஏ இருபது, முப்பது எழுத்துகள் வளர்ந்த உடனேயே அதன் முன்முனையில் மெத்தில் சேர்ந்த ஒரு குவானோசின் தலைகீழாகப் பொருத்தப்படுகிறது. இதுவே தொப்பி. இதைப் பொருத்தும் நொதிகள் ஆர்என்ஏ பாலிமரேஸின் வாற்பகுதியைப் பற்றிக்கொண்டே வருவதால், மரபணுவில் குறிப்பிட்ட எழுத்துத்தொடர் எதையும் அவை தேட வேண்டியதில்லை. பின்முனையில் அப்படியல்ல. AAUAAA என்ற ஆறு எழுத்துகளைக் கண்ட பிறகே, அதற்குச் சற்றுத் தள்ளி ஆர்என்ஏ வெட்டப்பட்டு, சுமார் 200 அடினின்கள் கொண்ட வால் சேர்க்கப்படுகிறது. பீட்டா குளோபினில் இது AACAAA என்று மாறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வெட்டு பெரும்பாலும் உரிய இடத்தில் விழாமல், சுமார் 900 எழுத்துகள் தள்ளி அடுத்த AAUAAA வரும் இடத்தில் விழுகிறது. நீண்டுபோன அந்த ஆர்என்ஏ நிலைத்து நிற்பதில்லை என்றாலும், சிறு பங்கு சரியாகவே வெட்டப்படுவதால் நோய் பொதுவாக மிதமாக இருக்கும்.

எழுத்துகளை மிக அதிகமாக நம்பி நடப்பது இன்ட்ரான் நீக்கம் என்பதால், நாங்கள் கூடுதலாகப் பார்க்கும் பிசகுகளும் அங்கேதான். இன்ட்ரான் GU என்று தொடங்கி AG என்று முடியும் என்று பாடநூல் சொல்லும். ஆனால் அந்த இரண்டு எழுத்துகளை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. GU எங்கும் கிடக்கிறது. எனவே U1 என்னும் சிற்றுறுப்பு, தன்னிடமுள்ள ஒரு சிறு ஆர்என்ஏ துண்டை எல்லையின் இருபுறமும் உள்ள எழுத்துகளோடு இணைசேர்த்துப் பார்க்கிறது. இன்ட்ரானின் தொடக்கம் GUAAGU என்றிருந்தால் நன்றாகப் பொருந்தும். பீட்டா குளோபினின் முதல் இன்ட்ரானோ GUUGGU என்று தொடங்குகிறது. மூன்றாம், நான்காம் இடங்கள் ஏற்கெனவே பொருந்தவில்லை. ஆகையால் ஐந்தாம் இடத்திலுள்ள G பெரிய சுமையைத் தாங்குகிறது.

அந்த G, C ஆக மாறுவதைத்தான் அறிக்கைகளில் IVS1-5 (G>C) என்று குறிப்பிடுகிறோம். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம் இதுவே; தமிழ்நாட்டு மாதிரிகளிலும் இதையே அடிக்கடி காண்கிறோம். மாற்றம் வந்ததும் U1-இன் பிடி தளர்கிறது. அதுவரை கவனிக்கப்படாமல் அருகிலேயே கிடந்த மூன்று போலி எல்லைகள் வேலைக்கு வருகின்றன. இன்ட்ரானுக்கு முன்னுள்ள, நீக்கப்படாமல் எஞ்சும் பகுதியான எக்ஸானுக்குள் 16 எழுத்துகள் முன்னால் ஒன்று, 38 எழுத்துகள் முன்னால் மற்றொன்று, இன்ட்ரானுக்குள் 13 எழுத்துகள் தள்ளி மூன்றாவது. இந்த எண்களில் ஒன்றுகூட மூன்றால் வகுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த இடத்தில் வெட்டினாலும் அதற்குப் பிறகு மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை குலைந்துவிடும்.

இப்படிப் பிசகிய ஆர்என்ஏவை உட்கரு தடுத்து வைத்துக்கொள்ளும் என்று பலர் எண்ணுகிறார்கள். தொப்பி இருக்கிறது, வால் இருக்கிறது, இன்ட்ரான் நீங்கியதற்கு அடையாளமாக எக்ஸான்கள் இணைந்த ஒவ்வொரு ஒட்டுக்கும் சற்று முன்னால் ஒரு புரதக் குவியலும் அமர்ந்திருக்கிறது. வெளியே அனுப்பும் அமைப்பு இவற்றைப் பார்க்குமே தவிர, படிக்கும் வரிசை சரியா என்று பார்ப்பதில்லை. ரைபோசோம் படிக்கத் தொடங்கி, உரிய இடத்துக்கு முன்பே ஒரு நிறுத்தக் குறியில் நின்றுவிடும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. நின்ற இடத்துக்கு அப்பாலும் ஒட்டின் புரதக் குவியல் அகற்றப்படாமல் இருந்தால், அந்த ஆர்என்ஏ பழுதானது என்று கொள்ளப்பட்டுச் சிதைக்கப்படுகிறது.

இதே எல்லையில் சில இடங்கள் நகர்ந்தாலே விளைவு எவ்வளவு வேறுபடுகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான். முதல் எழுத்தான G மாறினால் சரியான ஆர்என்ஏ ஒன்றுகூட உருவாகாது. ஐந்தாம் எழுத்து மாறினால் சிறிதளவு கிடைக்கும். ஆனாலும் இரு பிரதிகளிலும் அந்த மாற்றம் உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் தொடர்ந்து இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆறாம் எழுத்தான U, C ஆக மாறினாலும் அதே மூன்று போலி எல்லைகள்தான் தலைதூக்குகின்றன. ஆனால் சரியான வெட்டு கணிசமான அளவு தொடர்வதால், அத்தகையவர்களில் பலர் முறையான இரத்தமேற்றல் இன்றியே வாழ்கிறார்கள்.