ஓட்டு வீடு வாங்கும் முன் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எட்டிப் பாருங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. முற்றம் வைத்த வீடு, மங்களூர் ஓடு, மரமெல்லாம் அந்தக் காலத்தது. சில வருஷம் முன்பு கூடத்துக்கும் இரண்டு அறைகளுக்கும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அடித்து, வெயில் இறங்காமல் இருக்க அதன் மேல் கிளாஸ் வூல் விரித்திருக்கிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஏசி வைத்த அறையில் ஈரத்துணி வாடை அடிக்கிறது, என் மனைவிக்கு உள்ளே போனதும் தும்மல் வருகிறது. சீலிங்கைப் பிரிக்காமல் மேலே மரம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

பதில்: வழி உண்டு. அதைச் செய்து பார்க்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, அரை நாள் வேலைதான்.

சீலிங் இல்லாத ஓட்டு வீட்டில் ஓடு விலகினால் தண்ணீர் நேரே தரையில் சொட்டும், அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு ஓட்டைச் சரி செய்துவிடுவோம். மரம் நனைந்தாலும் கீழே இருந்து காற்றுப் படுவதால் மழை விட்டதும் உலர்ந்துவிடும். நம் ஊர்ப் பழைய வீடுகளின் மரம் இத்தனை ஐப்பசி கார்த்திகையைத் தாங்கி நின்றது இதனால்தான். ஃபால்ஸ் சீலிங் வந்ததும் இரண்டுமே கெட்டுப்போகின்றன. சொட்டும் நீரைக் கண்ணாடிப் பஞ்சு வாங்கி வைத்துக்கொள்கிறது, கீழே இருப்பவருக்குத் தெரியாது. மேலே காற்றோட்டமும் இல்லை. பஞ்சு கண்ணாடி இழை என்பதால் அது மக்காது. ஆனால் அதில் படிந்த தூசியிலும் ஜிப்சம் பலகையின் முதுகில் ஒட்டிய காகிதத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் ஒன்றிரண்டு நாள் காயாமல் நின்றாலே அதற்குப் போதும். உங்களுக்கு அடிக்கிற ஈரத்துணி வாடை பெரும்பாலும் அந்தக் காகிதத்திலிருந்து வருவதாகத்தான் இருக்கும். கீழ்ப்பக்கம் புதுப் பெயிண்ட் இருப்பதை நம்ப வேண்டாம், கறையின் மேல் ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் பல மாதம் வெளியே காட்டாது.

சரி, பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? சீலிங்கில் வட்டமாக எல்இடி விளக்குப் பதித்திருப்பார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மெயினை அணைத்து, ஒரு விளக்கைக் கீழே இழுத்தால் இரண்டு பக்க ஸ்பிரிங்கும் மடங்கிக் கழன்று வரும். அந்த ஓட்டைக்கு மேல் பஞ்சு கிடந்தால் விரலால் ஒதுக்குங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், முழுக்கை சட்டையும் நல்லது, அந்த இழை தோலில் பட்டால் அரிக்கும். பிறகு செல்போனில் டார்ச்சைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு, போனை ஓட்டைக்குள் நீட்டி மெதுவாக ஒரு சுற்று சுற்றி எடுங்கள். ஓட்டை சின்னதாக இருந்தால், எலெக்ட்ரீசியன்கள் சிலர் வைத்திருக்கும் ஒயரில் மாட்டிய கேமராவைக் கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு அறையிலும் குறைந்தது இரண்டு விளக்காவது கழற்றுங்கள், அதில் ஒன்று முற்றத்துப் பக்கம் இருக்கட்டும். இரண்டு ஓட்டுச் சரிவுகள் கூடும் மூலையில் ஓடுகிற தகர வாய்க்கால் அந்தப் பக்கம்தான் வரும், முற்றம் வைத்த வீட்டில் முதலில் ஒழுகுவதும் அதுதான்.

வீடியோவில் எதைப் பார்ப்பது? பஞ்சு ஓரிடத்தில் மட்டும் அமுங்கித் தட்டையாகக் கிடக்கிறதா, பலகையின் மேல் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி இருக்கிறதா, கைமரத்தில் நீர் வழிந்த கோடு இருக்கிறதா. இவ்வளவு போதும். கண்ணால் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது, பலரும் செய்வதில்லை, ஆனால் இதை மறுத்து யாரும் பேச முடியாது. பஞ்சில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி எடுத்து உடனே பிளாஸ்டிக் பையில் கட்டி, சமையலறைத் தராசில் எடை போடுங்கள். பிறகு பையைப் பிரித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடை அத்தனையும் தண்ணீர். வீடுகளில் போடும் பஞ்சு 50 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 24 கிலோ அடர்த்தி என்றால் காய்ந்த ஒரு சதுர அடி சுமார் 110 கிராம்தான் வரும். வேறு அடர்த்தி என்றாலும் கவலையில்லை, காய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் சொல்லிவிடும்.

அப்புறம் மரம். இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: ஈரம் அளக்கும் மீட்டரும் மரத்தைக் குத்திப் பார்ப்பதும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. இரண்டு ஊசி வைத்த மீட்டர், மரம் இப்போது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று சொல்லும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளராது, 30-ஐ ஒட்டிப் போனால் அது செழிக்கும். ஆனால் நீங்கள் சித்திரையில் போய்ப் பார்த்தால், மூன்று மழைக்காலம் நனைந்து மக்கிப்போன கைமரம்கூட உலர்ந்து 14, 15 என்று காட்டும். மரம் காய்ந்துவிட்டது என்பது உண்மை, அது மக்கிவிட்டது என்பதும் உண்மை. கடலோரக் காற்றில் வரும் உப்பு மரத்தில் ஏறியிருந்தால் மீட்டர் கூடுதலாகவும் காட்டும். அதனால் மீட்டர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள்.

நல்ல மரத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை பதியாது. பதிந்து உள்ளே போனால் அந்த இடத்தில் ஒரு சிம்பை நெம்பிப் பாருங்கள். நல்ல மரம் சடசடவென்று நீளச் சிம்பாகப் பிரியும், மக்கிய மரம் சத்தமில்லாமல் குட்டையாக, பிஸ்கட் மாதிரி ஒடியும். பழுப்பேறிக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அது நன்றாக முற்றிய நிலை. இதைக் கரையானோடும் உளுப்போடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கரையான் என்றால் மண் கோடு ஓடும். உளுப்பு என்றால் குண்டூசித் துளையும் மாவு போன்ற பொடியும் தெரியும். வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு, மக்கியதற்கு மருந்து அடித்துப் பயனில்லை. பனங்கை போட்ட வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பனைக்கு வெளிப்பக்கம்தான் வைரம், உள்பக்கம் மென்மை, அதனால் பார்வைக்குக் கறுப்பாக உறுதியாக இருந்துகொண்டே உள்ளே சோறு போலாகியிருக்கும். தட்டிப் பாருங்கள், கணீரென்று வராமல் பொத்தென்று வந்தால் உட்பக்கத்திலிருந்து குத்துங்கள். எந்த மரமானாலும் குத்த வேண்டிய இடம் நடு அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையும் தகர வாய்க்காலுக்கு அடியும்தான்.

மன்னார்குடிப் பக்கம் இதே மாதிரி ஒரு வீட்டைப் பார்த்தேன், உங்களுக்கு உதவும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். கூடத்தில் ஒரு கறைகூட இல்லை. முற்றத்துப் பக்க விளக்கைக் கழற்றியதும் பஞ்சு ஓர் ஆள் படுத்து எழுந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. வெட்டி எடுத்த சதுர அடி 340 கிராம், காய்ந்த பிறகு 115. நடுக்கூடத்தில் கைமரம் 16 காட்டியது, வாய்க்காலை ஒட்டிய இரண்டு கைமரங்களில் 29, 31. அந்த இரண்டில் ஒன்றில் ஸ்க்ரூடிரைவர் ஓர் அங்குலம் போனது. மேலே ஏறிப் பார்த்தால் 2018 கஜா புயலில் ஓடு பறந்த பிறகு புது ஓடு மாற்றியவர்கள், துருப்பிடித்த பழைய தகரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஓடு புதிது, தகரம் சல்லடை. உங்கள் வீடும் கஜா போன வழியில் இருப்பதால், அப்போது எந்தப் பக்கம் ஓடு மாற்றினார்கள், தகரத்தை மாற்றினார்களா என்று கேளுங்கள்.

உங்கள் வாடை ஏசி அறையில் மட்டும் என்றால் இன்னொரு சாத்தியத்தையும் பார்க்க வேண்டும், அது மழையே இல்லாமல் வரும் ஈரம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேல் பட்டாலும் வியர்க்கும். நம் டெல்டாக் காற்று அப்படி இருக்கும் நாட்கள் நிறைய. ஓட்டு இடுக்கில் இறங்கும் அந்தக் காற்று, 20-இல் வைத்த ஏசி குளிர்வித்த சீலிங்கின் முதுகில் பட்டு நீராகும், பஞ்சின் அடியில் அலுமினியத் தாள் இருந்தால் நீர் அதன் மேலேயே தங்கும். பிரித்தறிவது கஷ்டமில்லை. ஒழுகல் என்றால் ஈரம் ஓரிடத்தில் குவிந்திருக்கும், மேலே மரத்திலும் கோடு இருக்கும். வியர்வை என்றால் அறை முழுக்கப் பரவலாகப் பஞ்சின் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்கும், கைமரம் உலர்ந்தே இருக்கும். முதலாவதுக்குக் கூரை வேலை. இரண்டாவதில் மரம் தப்பிவிட்டது என்று பொருள், ஆனால் அந்த அறைச் சீலிங்கை எடுத்துவிட வேண்டும். ஏசியின் தண்ணீர்க் குழாய் சீலிங்குக்கு மேலே போகிறதா, இணைப்பில் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மழையில்லாத நாளில் போனால் ஹோஸ் குழாயால் ஓட்டில் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். இறவாரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதிக்கும் கால் மணி நேரம் விட்டு மேலே போங்கள், கீழே ஒருவர் விளக்கு ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருக்கட்டும். முகட்டிலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எந்த இடம் ஒழுகுகிறது என்றே தெரியாது.

பழுது இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஒன்றிரண்டு கைமர முனை மட்டும் என்றால், கெட்டது கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நல்ல மரத்தில் அறுத்து, புது மரம் சேர்க்கலாம். நனைந்த பஞ்சையும் பூஞ்சணம் பிடித்த பலகையையும் தூக்கிப் போட வேண்டியதுதான், காயவைத்துத் திரும்பப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மரம் 20-க்குக் கீழே வந்த பிறகே மறுபடி மூடலாம். உத்தரமோ சுவர் மேல் படுத்திருக்கும் மரமோ போயிருந்தால் கதை வேறு, ஓடுகளையெல்லாம் இறக்க வேண்டி வரும். பழைய வீட்டு மரவேலை தெரிந்த ஆசாரியை அழைத்துப் போய் மதிப்பை எழுதி வாங்கி, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, விற்பவரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: கூரையில் ஒழுகல், மரச் சேதம், சீலிங்குக்கு மேல் ஈரம் ஏதாவது தெரியுமா? 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, சாதாரணக் கவனத்தில் வாங்குபவருக்குத் தெரியாத, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். "உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து" என்ற வரி அக்ரிமெண்டில் இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்காரர் ஒரு விளக்கைக் கழற்றக்கூட விடமாட்டேன் என்றால் அந்த மூன்று அறைகளின் கூரையும் முழுவதும் மாற்ற வேண்டியது என்றே கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள்.