20 எச்பிக்கு 6 ஸ்கொயர் போதுமா?

"பல்லடத்துல தறி ஷெட். 20 எச்பி கம்ப்ரசர், 28 ஆம்ப்ஸ், 150 மீட்டர் தூரம், ட்ரேயில ஆறு கேபிள் ஒட்டிப் போகுது. 6 ஸ்கொயர் காப்பர் 40 ஆம்ப்ஸ் தாங்கும்ங்கறாரு எலக்ட்ரீஷியன். போட்டுடலாமா?"

வேண்டாங்க. அந்த 40, தனியா 40 டிகிரி காத்துல கிடக்கிற கேபிளுக்கு. தகரக் கூரைக்கடியில 45 டிகிரின்னா பிவிசிக்கு 0.91, ஆறு கேபிள் நெருக்கத்துக்கு சுமார் 0.73. ரெண்டையும் பெருக்கினா 0.66, மிஞ்சறது 26 ஆம்ப்ஸ்தான். (30 டிகிரி அட்டவணையோட எண்ணை இதுல கலந்துடாதீங்க, கணக்கே மாறிடும்.)

10 ஸ்கொயர் 53 ஆம்ப்ஸ்னு வெச்சா 35 நிக்கும். கேட்லாக்ல ஒருதரம் சரிபார்த்துக்குங்க.

415 வோல்ட் லைன்ல வோல்டேஜ் டிராப், சூடான காப்பரோட ரெசிஸ்டன்ஸ்லயும் 0.85 பவர் ஃபேக்டர்லயும்:

```
6:  1.732 × 28 × 0.15 × 3.7 × 0.85 ≈ 23 V (5.5%)
10: 1.732 × 28 × 0.15 × 2.2 × 0.85 ≈ 14 V (3.3%)
```

10 போடுங்க. ஸ்டார்ட்டர் டிஓஎல்லா இருந்தா, கிளம்பும்போது ஆறு மடங்கு இழுக்கும். அப்ப மோட்டார் முனையில அளந்து பாருங்க, ரொம்ப இறங்கினா 16தான்.