ஒரே ராத்திரியில் 1.8 கிலோ: வடுமாங்காயும் எடை மெஷினும்

கேள்வி: ஒரு மாசமா டயட்ல இருக்கேன். நேத்து ஹோட்டல்ல சாப்பிட்டேன், வீட்ல ஊறுகாயும் கொஞ்சம் அதிகம். காலைல பார்த்தா ஒன்றரை கிலோ ஏறியிருக்கு. ஒரே நாள்ல இவ்வளவு கொழுப்பு வருமா? மறுபடியும் முதல்ல இருந்தா?

வராது. நீங்கள் இந்நேரம் காலை டிபனைத் தள்ளிவிட்டு, தண்ணீரையும் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள், வயது 43. அதனால் எடையையும் நோட்டுப் போட்டு எழுதும் பழக்கம் உண்டு. "இதுக்கெல்லாம் நோட்டா?" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த நோட்டு இல்லையென்றால் இந்தப் பதிலே இல்லை.

போன வருடம் மாவடு சீசனில் என் மகனின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை என் எடை 68.2. அதற்கு முன் இரண்டு வாரமாகச் சோற்றைக் குறைத்து நல்ல பிள்ளையாக இருந்தேன். மத்தியானம் தயிர்சாதம், கூடவே அத்தை போட்ட வடுமாங்காய். நாலு வடு, அதோடு அந்த ஜாடிச் சாற்றையும் சாதத்தில் ஊற்றிக்கொண்டேன். (வடுவைவிட அந்தச் சாறுதான் ருசி, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) ராத்திரி குடும்பத்தோடு ஹோட்டல். சூப், ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன். நாங்களே வாங்கிக்கொண்டு போன கேக்கை அங்கே வெட்டியதற்கு பில்லில் தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். கத்திக்கும் தட்டுக்குமாம். கேட்டால் "எல்லா இடத்துலயும் அப்படித்தான் மேடம்" என்கிறார்கள். வவுச்சர் இல்லாமல் ஐந்து ரூபாய்கூடப் பாஸ் செய்யாதவள் நான், அன்றைக்கு மகன் முகத்தைப் பார்த்துப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் ஆறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தாகத்தில் எழுந்து மடமடவென்று ஒரு பாட்டில் தண்ணீர். காலையில் மோதிரம் விரலைவிட்டு நகரவில்லை, கண்ணுக்குக் கீழே உப்பல். மெஷினில் ஏறினால் 70.0. ஒரே நாளில் 1.8 கிலோ.

ஜிம்மில் வாரா வாரம் திங்கட்கிழமை எடை பார்த்துச் சுவரில் எழுதுவார்கள். பயிற்சி கொடுக்கிற தம்பி நம்பரைப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால், "அக்கா, உண்மையைச் சொல்லுங்க, வாரம் பூரா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டான். ஒருநாள்தான் என்றால் நம்பவில்லை. "ஒருநாள்ல இவ்வளவு ஏறாதுக்கா" என்றான். கொழுப்பைப் பற்றி அவன் சொன்னது சரி. ஆனால் ஏறியது கொழுப்பு இல்லை என்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று முழுக்கக் கருங்காப்பியிலேயே ஓட்டி, செவ்வாய் ராத்திரி பசி தாங்காமல் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்தேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி மிச்சம் விழவேண்டும். 1.8 கிலோவுக்கு ஏறக்குறைய 14,000. என் ஒருநாள் செலவு 1,800 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒன்பது நாள் சாப்பாட்டை உள்ளே தள்ளியிருக்க வேண்டும். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் அன்று நான் சாப்பிட்டது 3,000 தாண்டாது. மிச்சம் 1,200. அது அத்தனையும் கொழுப்பாகவே மாறினாலும் 150 கிராம்தான்.

அப்படியானால் மீதி? அதில் பெரிய பங்கு உப்பு பிடித்துவைத்த தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், 0.9% என்று போட்டிருக்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புக்குத் தோராயமாக ஒத்துப்போகிற அளவு அது. உப்பு கூடினால் உடம்பு அதை அப்படியே விட்டுவைக்காது. தாகத்தைக் கிளப்பித் தண்ணீர் குடிக்கவைக்கும், சிறுநீரையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், பழைய அளவு வரும்வரை. ஆக, வெளியேறாமல் உள்ளே தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்புக்கும் சுமார் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ தண்ணீர் கூடவே தங்கும். 9 கிராம் என்பது இரண்டு டீஸ்பூனைவிடக் குறைவு.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? அத்தையின் மாவடுக் கணக்கு பத்துக்கு ஒன்று: கிலோ வடுவுக்கு 100 கிராம் கல்லுப்பு. குறைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டும் போடுவதில்லை. அப்படியென்றால் நாலு வடுவும் சாறுமாக என் தட்டுக்கு வந்தது குறைந்தது 3 கிராம். ஹோட்டல் சமாச்சாரம் இன்னும் மோசம், ஏனென்றால் அது உப்பாகவே தெரியாது. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. அது சூப்பிலும் இருக்கும், ரைஸிலும் இருக்கும், மஞ்சூரியனிலும் இருக்கும். சர்க்கரையும் வினிகரும் உப்பை மறைத்துவிடும். என் ஊகத்தில் அன்று வழக்கத்தைவிட 8, 9 கிராம் கூடுதல். சிறுநீரகம் ராத்திரியே கொஞ்சத்தைத் தள்ளியிருக்கும், ஆகவே தங்கிய தண்ணீர் 600, 700 கிராம் என்று வைத்தேன்.

இன்னொரு பங்கு அரிசியுடையது. மாவுச்சத்தை உடம்பு தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்று சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கூட வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் சோறு குறைத்துக் காலியாகக் கிடந்த கிடங்கில் ஃப்ரைட் ரைஸும் கேக்கும் போய் நிரம்பியதில் ஒரு 600 கிராம். மீதி 400 கிராம் போல, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டது இன்னும் குடலிலேயே இருந்தது. இது தராசில் நிறுத்த கணக்கு இல்லை, தோராயம்தான். பின்னூட்டத்தில் வந்து 50 கிராம் இடிக்கிறது என்று சொல்லவேண்டாம். எங்கள் ஆபீஸில் இதை சஸ்பென்ஸ் கணக்கு என்போம். பணம் நம் புத்தகத்தில் தெரியும், ஆனால் நம் வருமானம் இல்லை. நாலு நாளில் உரியவருக்குப் போய்விடும்.

போகவும் செய்தது. நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். திங்கள் 70.0, செவ்வாய் 69.6, புதன் 68.9, வியாழன் 68.4, வெள்ளி 68.1, சனி 68.0, ஞாயிறு 68.0. உப்பின் கூடுதலைச் சிறுநீரகம் வெளியேற்றிச் சமநிலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். புதன்கிழமையே பாதிக்கு மேல் இறங்கிவிட்டது பாருங்கள். நான் திங்கட்கிழமை பட்டினி கிடந்ததால்தான் இறங்கியது என்று அப்போது நினைத்தேன். அடுத்த முறை ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு எதையும் மாற்றாமல் வழக்கம்போல் சாப்பிட்டுப் பார்த்தேன், அப்போதும் நாலாம் நாள் இறங்கியது.

எல்லாரும் "தினமும் பார்க்காதே, வாரச் சராசரி பார்" என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இப்படிப்பட்ட வாரத்தில் சராசரியே ஏமாற்றும். அதற்கு முந்தைய வாரம் என் சராசரி 68.6. மேலே உள்ள ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் 68.7. ஏறியது போல இருக்கிறது இல்லையா? திங்களும் செவ்வாயும் சேர்ந்து மொத்தத்தையும் மேலே இழுத்துவிட்டன. அதனால் நான் எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நாலாவதாக, நட்ட நடுவில் வருவதை எடுக்கிறேன். முந்தைய வாரத்தின் நடு எண் 68.6, இந்த வாரம் 68.4. உண்மையில் 200 கிராம் குறைந்திருந்தது. ஜிம் சுவரில் திங்கட்கிழமை நம்பர் மட்டும் இருந்ததால் அங்கே நான் தோற்றவள்.

எடை பார்ப்பது காலையில், கழிவறை போய்வந்து, காப்பிக்கு முன்னால், மெஷின் டைல்ஸ் தரையில் இருக்கும்போது. மிதியடி மேல் வைத்தால் அது இஷ்டத்துக்குச் சொல்லும். பெண்களுக்கு இன்னொன்று: மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் நீர் கோர்க்கும். அந்த வாரமும் ஊறுகாய் வாரமும் ஒன்றாக வந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது போன வாரத்தோடு ஒப்பிடாமல் போன மாதம் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். பத்து நாளாகியும் நடு எண் இறங்கவில்லை என்றால் மட்டும் உப்பின் மேல் பழிபோடாமல் தட்டைப் பாருங்கள். எனக்கு அப்படியும் ஒருமுறை நடந்திருக்கிறது, காரணம் மாலை முறுக்கு.

நீர் இறங்கவேண்டும் என்று மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம். "நாங்க இந்துப்புதான் சேர்க்கிறோம், அது ஏறாது" என்று யாராவது வருவார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அதுவும் தண்ணீரைப் பிடிக்கும்.

ஊறுகாய்க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குக் கீழே, நான் அன்று அதைப்போல் மூன்று மடங்கு சாப்பிட்டிருக்கிறேன். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு நான் மேலே எழுதிய எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், நாலு நாள் பொறுத்துப் பார்க்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடவேண்டும். கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, அப்படி ஒரு நோய் இருப்பது தெரியாதவர்களும் உடனே போகவேண்டும்.

மற்றபடி நீங்கள் நேற்று சாப்பிட்டது நேற்றோடு. இன்று வழக்கமான சாப்பாடு, வழக்கமான தண்ணீர், ஊறுகாய் மட்டும் இரண்டு நாளைக்கு வேண்டாம். தினமும் எழுதிவையுங்கள், நாலாம் நாள் நம்பரை இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள். ஜிம்முக்குப் போகிறவராக இருந்தால், திங்கட்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை எடை பார்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், "ரூல் மாத்த முடியாதுக்கா" என்றான் அந்தத் தம்பி.