குடியிருப்பவரோடு ஃபிளாட்டை விற்பது: வாங்க வருபவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: நான் திருப்பூரில் இருக்கிறேன். கோவை பீளமேட்டில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்று என் பேரில் இருக்கிறது. மாத வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். 11 மாத அக்ரிமென்ட் பிப்ரவரியோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. 55 லட்சத்துக்கு விற்க நினைக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் “லீஸா, வாடகையா, காலியாக் கிடைக்குமா” என்று கேட்கிறார்கள். புரோக்கரோ, “ஆளை நான் காலி பண்ணிக்கறனுங்க, நீங்க ஒண்ணும் பேசாதீங்க” என்கிறார். குடியிருப்பவரின் பிள்ளை பக்கத்துப் பள்ளியில் படிக்கிறது. என்ன சொல்லி விற்பது?

பதில்: முதலில் அந்தப் புரோக்கரின் வாயைக் கட்டுங்கள். உங்கள் வீட்டைக் காலி செய்து தருவதாக வாங்குபவரிடம் அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் நீங்கள் கொடுத்த வாக்காகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அவருக்கு இதில் மூன்று பக்கம் வரும்படி. உங்களிடம் ஒரு கமிஷன், வாங்குபவரிடம் ஒரு கமிஷன், காலி செய்கிற குடும்பத்துக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்து அங்கே ஒரு கமிஷன். ஆள் காலி செய்யாவிட்டால் மாட்டுவது நீங்கள் மட்டும்தான்.

நீங்கள் விற்கப் போகிறீர்கள் என்பதற்காகக் குடியிருப்பவரை வெளியே போகச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், எந்தெந்தக் காரணங்களுக்காக ஒருவரை வெளியேற்றக் கேட்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. வாடகை பாக்கி இருக்கிறது. அனுமதியில்லாமல் வேறொருவரைக் குடிவைத்துவிட்டார். இப்படிப் போகும் அந்தப் பட்டியல். ‘வீட்டை விற்கிறேன்’ என்பது மட்டும் அதில் ஒரு காரணம் இல்லை. கிரயம் ஆனதும் வாங்கியவர் உங்கள் இடத்துக்கு வருகிறார், குடியிருப்பவர் அவருக்கு வாடகைக்காரர் ஆகிறார், அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது போன்ற யோசனைகளோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்குத் தனியாகத் தண்டனை இருக்கிறது.

உங்கள் அக்ரிமென்ட் பிப்ரவரியில் முடிந்தாலும் அவர் குடியிருப்பது உடனே சட்டவிரோதம் ஆகிவிடாது. பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் தொடர்வதாக, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு அது ஆகஸ்ட் கடைசி. அதற்கு மேல் காகிதம் இல்லாமல் விடுவதுதான் விலையைக் குறைக்கும். வாங்க வருபவர் பயப்படுவது குடியிருப்பவரைப் பார்த்து அல்ல, எப்போது போவார் என்ற தேதி இல்லாததைப் பார்த்து. தேதியோடு இருக்கும் வாடகைக்காரர் ஒரு விவரம். தேதியில்லாமல் இருப்பவர் ஒரு வில்லங்கம்.

அதனால் ஃபிளாட்டுக்கு விளம்பரம் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீளமேடு போய் அந்தக் குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். விற்கப் போவதை மறைக்காதீர்கள். பள்ளி இப்போதுதான் திறந்திருக்கிறது, நடுவில் போகச் சொன்னால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். இதை அறியாமல் ‘ஆகஸ்ட் 10க்குள் காலி’ என்று எழுதி வாங்கிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். பையனின் பரீட்சை முடிந்து ஏப்ரல் 30 என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அந்தத் தேதி வரைக்கும் புது அக்ரிமென்ட் போடுங்கள். வீடு கைமாறினாலும் இதே வாடகை, இதே தேதி வரை புது உரிமையாளரிடம் தொடரும் என்றும், ஏப்ரல் 30 அன்று சாவி ஒப்படைக்கப்படும் என்றும், வாங்க வருபவர்கள் பார்க்க முன்கூட்டியே நேரம் சொல்லி வரலாம் என்றும் அதில் மூன்று வரி இருக்கட்டும். பார்க்க வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்வது சட்டப்படியான கடமை. புரோக்கர் திடீரென்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், அந்தக் குடும்பம் வந்தவர்களிடம் வீட்டைப் பற்றி என்ன சொல்லும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அக்ரிமென்டை tenancy.tn.gov.in தளத்தில் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், 90 நாளுக்குள். ஓராண்டுக்குக் குறைவானது என்பதால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் இது அதிலிருந்து வேறு. “11 மாசந்தானே, பதிய வேண்டாம்” என்று டைப் அடிப்பவர் சொல்வது பழைய கதை. ஒரே வாடகைக்கு இரண்டு அலுவலகம், இரண்டு விதி. அதைப் பொதுமக்களுக்கு ஒழுங்காகச் சொல்லக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. பதிந்த எண் கையில் இருந்தால் வாங்குபவர் நம்புவார். பின்னால் தகராறு வந்தால் நிற்க அந்தக் காகிதம்தான் வேண்டும்.

இப்போது ‘லீஸா’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கோவையில் பணம் தொலைவது இங்கேதான். சட்டப் புத்தகத்தில் எல்லா வாடகையும் லீஸ்தான். நம் ஊர்ப் பேச்சில் லீஸ் என்றால் போக்கியம்: மொத்தமாக எட்டு லட்சம் கொடுத்து மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது எட்டு லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. வாங்க வருபவர் ‘லீஸா’ என்று கேட்பதன் பொருள், ‘காலி செய்யும்போது நான் யாருக்காவது பெருந்தொகை தர வேண்டுமா’ என்பதுதான். உங்கள் வீட்டில் அது இல்லை. அதனால் ‘லீஸ் அக்ரிமென்ட் இருக்கிறது’ என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள், ‘மாத வாடகை’ என்றே சொல்லுங்கள்.

வடவள்ளிப் பக்கம் ஒரு ஃபிளாட் விவகாரம் என்னிடம் வந்தது. வாங்கியவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பால் காய்ச்சப் போனால், உள்ளே இருந்த பெரியவர் ஒரு மடித்த முத்திரைத் தாளை எடுத்து நீட்டினார். ஆறு லட்சம் லீஸ், பதிவு செய்யாதது. பதிவு செய்யாதது வில்லங்கச் சான்றில் ஏறவே ஏறாது. ஆனால், வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு என்ன உரிமை என்று விசாரித்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு என்றுதான் சட்டம் பார்க்கும். ‘எனக்குத் தெரியாது’ என்று அவரால் சொல்ல முடியவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஆறு லட்சத்தில் நாலு லட்சம் வாங்கியவர் கையை விட்டுப் போனது. அதை வசூலிக்க அவர் போட்ட வழக்கு இன்னும் வாய்தாவில் நடக்கிறது. விவரம் தெரிந்த வாங்குபவர்கள் இன்று இந்தப் பயத்தோடுதான் உங்கள் படியேறுகிறார்கள். குடியிருப்பவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் அந்தப் பயத்தைப் போக்கிவிடும்: ‘மாத வாடகை 18,000, இன்ன மாதம் வரை கொடுத்துவிட்டேன், அட்வான்ஸ் ஒரு லட்சம், இது தவிர வீட்டின் மேல் எனக்கு வேறு பணமோ பாத்தியமோ இல்லை.’

இனி வருகிறவர்களிடம் காட்ட ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். புது அக்ரிமென்டின் தேதிகள், வாடகை, அட்வான்ஸ், பராமரிப்பும் சொத்துவரியும் யார் கட்டுவது என்பது. அதோடு கடந்த 12 மாதம் வாடகை வங்கிக் கணக்கில் ஏறிய பக்கத்தையும் இணையுங்கள். வாடகையைக் கூட்டிச் சொல்லும் புரோக்கர் தந்திரம் வேண்டாம். பராமரிப்பு மாதம் 2,200, சொத்துவரி அரையாண்டுக்கு 3,800, இரண்டும் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். வருஷ வாடகை 2,16,000. அதில் 34,000 போனால் மிச்சம் 1,82,000. 55 லட்சத்துக்கு அது மூன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல். முதலீட்டுக்கு வாங்குகிறவர் இதை எப்படியும் கணக்குப் போடுவார், நீங்களே போட்டுக் காட்டிவிட்டால் பேச்சு நேராக விலைக்கு வரும்.

அதே தாளின் கீழே இரண்டு வழியையும் எழுதுங்கள். ஒன்று, ஆளோடு வாங்குவது. உடனே கிரயம், அடுத்த நாள் முதல் வாடகை அவருக்கு. அட்வான்ஸ் ஒரு லட்சத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு அவருக்குப் போவதால் விலையில் அந்த ஒரு லட்சத்தைக் கழித்துக்கொண்டு தருவார். பத்திரத்தில் விலை 55 என்றே இருக்க வேண்டும், கழித்த ஒரு லட்சம் எதற்கு என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டு, குடிவர வாங்குவது. இவரிடம் முன்பணம் வாங்கி ஒப்பந்தம் போடுங்கள், ஆனால் கிரயத்தை ஏப்ரல் 30க்கு முன்னால் வைக்காதீர்கள். ‘வீடு காலியாகி, வாங்குபவர் உள்ளே போய்ப் பார்த்த ஏழு நாளுக்குள் கிரயம்’ என்று எழுதுங்கள். காலி ஆகாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவதோடு முடியும், அபராதம் கிடையாது என்ற வரியும் அதில் வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசும்போது வாடகைக்காரர் தந்ததை மட்டும் அட்வான்ஸ் என்றும், வாங்குபவர் தருவதை முன்பணம் என்றும் சொல்லிப் பழகுங்கள். இரண்டையும் அட்வான்ஸ் என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கு இரண்டு குடும்பம் அடித்துக்கொண்டதைப் பார்த்தவன் நான்.

கிரயப் பத்திரம் எழுதும் நாளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பத்திர எழுத்தர்களிடம் ஒரே அச்சுதான். அதில் ‘சொத்தைக் காலியாக இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்’ என்ற வரி தானாக வந்து உட்காரும். ஆள் உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும்போது இந்த வரியில் கையெழுத்துப் போட்டால் அது பொய், பின்னால் உங்கள் மேலேயே திரும்பும். ‘இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிங்க’ என்பார்கள். விடாதீர்கள். ‘இன்ன தேதி அக்ரிமென்ட்படி வாடகைக்கு இருப்பவரின் குடியிருப்போடு, வாடகை பெறும் உரிமையுடன் ஒப்படைக்கிறேன்’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். வரைவை முந்தின நாளே வாங்கிப் படித்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கூப்பிட்ட பிறகு யாரும் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மாட்டார்கள்.

கிரயம் முடிந்த அன்றே நீங்களும் வாங்கியவரும் சேர்ந்து குடியிருப்பவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இன்று முதல் உரிமையாளர் இவர், வாடகையை இந்தக் கணக்கில் போடவும், அட்வான்ஸை இவர்தான் திருப்பித் தருவார் என்று மூன்றே வரி. இந்தத் தகவல் போகும்வரை அவர் பழக்கத்தில் உங்கள் கணக்கிலேயே வாடகையைப் போட்டால் அது முறைப்படி கட்டியதாகவே ஆகும், புது உரிமையாளர் அதை மறுபடியும் அவரிடம் கேட்க முடியாது. உங்களிடம்தான் கேட்பார். கடிதத்தின் நகலில் குடியிருப்பவரின் கையெழுத்தை வாங்கி, தேதியோடு பத்திரத்தின் பின்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.