டிஸ்ப்ளே விளம்பரத்தில், கடையின் இணையதளத்துக்கு வந்துபோனவர்களைத் தொடர்வது நல்லதா, பொருத்தமான பக்கங்களில் விளம்பரம் வைப்பது நல்லதா? எங்கள் ஏஜென்சி முதலாவதையே செய்யச் சொல்கிறது.

உங்கள் ஏஜென்சி எதைக் காட்டி அப்படிச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் ஓர் அறிக்கை வரும். அதில் ரீமார்க்கெட்டிங், அதாவது வந்துபோனவர்களைத் தொடரும் விளம்பரத்தின் வரிசை மட்டும் பச்சையாக இருக்கும், மற்றதெல்லாம் சிவப்பு. அந்தப் பச்சையை நம்பிப் பதினான்கு மாதம் பணம் கட்டியவன் நான்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூளைக் கட்டியாக அழுத்தி விற்கும் சிறு கடை எங்களுடையது. மாடித்தோட்டக்காரர்களுக்கு 5 கிலோ கட்டி, வளர்ப்புப் பைகள், கொஞ்சம் விதை. ஒரு நாள் திருச்சியிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். “தம்பி, போன மாதம்தான் உங்களிடம் நான்கு கட்டி வாங்கினேன். பணமும் அனுப்பிவிட்டேன். பஞ்சாங்கம் பார்க்கப் போனால்கூட உங்கள் கட்டி வந்து நிற்கிறதே, ஏதாவது பாக்கி வைத்திருக்கிறேனா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வாங்கியவர்களைத் தொடரக் கூடாது என்று பட்டியலில் விலக்கு ஏற்கெனவே போட்டிருந்தோம். ஆனால் அந்த விலக்கு, எங்கள் இணையதளத்தில் பணம் கட்டி ‘நன்றி’ பக்கம் வரை போனவர்களுக்குத்தான் பொருந்தும். இந்த அம்மா தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி வாங்கியவர். தளத்தின் கணக்கில் அவர் இன்னும் ‘பார்த்தார், வாங்கவில்லை’. ஆர்டர் நோட்டை எடுத்து எண்ணினேன். பத்து ஆர்டரில் ஆறு வாட்ஸ்அப்பிலும் ஃபோனிலும் வருகின்றன. அப்படியென்றால் காசு கொடுத்து நாங்கள் துரத்திக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் எங்கள் கட்டி ஏற்கெனவே செடிக்கு அடியில் இருந்திருக்கும்!

(நோட்டு என்றதும் இன்னொன்று. அந்த மாதம் கூரியர் கிடங்கில் மழையில் நனைந்த மூன்று கட்டிகள் பெட்டியைக் கிழித்துக்கொண்டு ஊதித் திரும்பி வந்தன. ‘பொருள் சேதமில்லை’ என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். நார்த்தூள் தண்ணீர் குடித்தால் ஊதும் என்பது அவர்களுக்குத் தெரியாதாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.)

பிறகு ஏஜென்சியின் அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். அந்த மாதம் தளம் வழியாக வந்த 48 விற்பனையில் 37 ரீமார்க்கெட்டிங் கொண்டுவந்தவை என்று போட்டிருந்தார்கள். அதில் 29, View-through conversions என்ற வரிசையில் இருந்தவை. விளம்பரம் திரையில் தெரிந்தது, யாரும் அதைத் தொடவில்லை, ஆனால் ஒரு நாளுக்குள் அந்த ஆள் எங்களிடம் வாங்கிவிட்டார் என்றால் அங்கே ஓர் எண் கூடும். கூகுள் இதை வழக்கமான Conversions வரிசையோடு சேர்ப்பதில்லை, தனியாகத்தான் காட்டுகிறது. சேர்த்துக் கூட்டியது ஏஜென்சி.

நேற்றுக் கூடையில் பொருளை வைத்துவிட்டு, இன்று சம்பளம் வந்ததும் வாங்கப் போகிறவர் இருக்கிறார். நடுவில் அவர் செய்தி படிக்கும்போது நம் படம் ஓரத்தில் வந்துபோகிறது. பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பவரிடம் போய் ‘சாப்பிட வாருங்கள்’ என்று சொல்லிவிட்டு, நான் அழைத்ததால்தான் சாப்பிட்டார் என்று கணக்கு எழுதுவதைப் போன்றது இது. தொடர்கிற விளம்பரம் எப்போதும் நன்றாக வேலை செய்வதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். வாங்கக்கூடியவர்களை மட்டுமே பொறுக்கி எடுத்து அவர்கள் முன் நிற்கிறது.

இது சந்தேகம்தான், ஆதாரம் இல்லை. அதனால் ஒரு சோதனை செய்தோம். எங்களுக்கு அதிகம் ஆர்டர் வரும் ஆறு ஊர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். திருச்சி, மதுரை, சேலம் ஒரு பக்கம். கோவை, திருப்பூர், திருநெல்வேலி மறுபக்கம். ஒவ்வொரு கூட்டத்திலும் ரீமார்க்கெட்டிங்குக்கு நாளுக்கு 250 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. ஆனி மாதம் 28 நாள், முதல் கூட்டத்தில் மட்டும் அதை அடியோடு நிறுத்தினோம். விற்பனையைக் கூகுள் கணக்கில் பார்க்கவில்லை. வாட்ஸ்அப், ஃபோன், தளம் எல்லாம் சேர்த்து எங்கள் நோட்டில் பின்கோடு வாரியாக எண்ணினோம்.

நிறுத்துவதற்கு முந்தைய 28 நாளில் முதல் கூட்டத்தில் 62 ஆர்டர், இரண்டாவதில் 58. நிறுத்திய பிறகு 60, 59. விளம்பரம் நின்றது திருச்சிக்குத் தெரியவே இல்லை. ‘இவ்வளவு சிறிய எண்ணை வைத்து முடிவு சொல்லலாமா’ என்று கேட்பவர்கள் வருவார்கள். கேளுங்கள், நியாயம்தான். ஐந்தாறு ஆர்டர் வித்தியாசத்தை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தள விற்பனையில் முக்கால்வாசி தங்களால் என்றவர்களின் கணக்கு உண்மையென்றால், வித்தியாசம் ஐந்தாறில் நின்றிருக்காது.

அடுத்து ஆடி பிறந்தது. அதே மூன்று ஊர்களில், அதே 250 ரூபாயைப் பக்கங்களின் பொருளைப் பார்த்து விளம்பரம் வைக்கும் முறைக்குக் கொடுத்தோம். இங்கே முதல் இரண்டு வாரத்தை நானே கெடுத்தேன். நீங்களும் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் தவறு, ஒரே விளம்பரக் குழுவில் பக்கத்துக்கான சொற்களையும் ‘தோட்ட ஆர்வலர்கள்’ என்ற ஆள் பட்டியலையும் சேர்த்துப் போட்டது. இரண்டும் இருந்தால் அதிகம் பேருக்குப் போகும் என்று நினைத்தேன். நடப்பது எதிர்மாறு: அந்தப் பட்டியலில் உள்ள ஆள், அந்தச் சொல் உள்ள பக்கத்துக்கு வந்தால் மட்டுமே காட்டும். விளம்பரம் ஏறக்குறைய நின்றே போனது. ஆள் பட்டியலை எடுத்துவிட்டேன். இப்போது திடீரென்று ஏராளமாக ஓடியது. சந்தேகப்பட்டுப் பார்த்தால் Optimized targeting என்ற தேர்வு இயல்பாகவே போடப்பட்டிருந்தது. அது இருக்கும்வரை, நாம் கொடுத்த சொற்களை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும் கூகுள் விளம்பரத்தைக் காட்டலாம். பக்கம் பார்த்து வைக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அது மறுபடியும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். ‘அந்த முறையைச் செய்து பார்த்தோம், பலனில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தத் தேர்வை அணைத்தீர்களா என்பதைத்தான்.

இரண்டாவது தவறு சொல் தேர்வு. ‘தோட்டம்’ என்று ஒற்றைச் சொல் கொடுத்திருந்தேன். Where ads showed அறிக்கையைத் திறந்தால், வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துக்குள் யானை வந்த செய்தி, தோட்டத் தொழிலாளர் கூலிப் பிரச்சினை, எங்கேயோ தென்னந்தோப்போடு விற்பனைக்கு வந்த பண்ணை வீடு. ‘உரம்’ என்ற சொல் உரத் தட்டுப்பாட்டு அறிக்கைப் போருக்குக் கொண்டுபோய் விட்டது. இரண்டையும் நீக்கிவிட்டு ‘மாடித்தோட்டம் மண் கலவை’, ‘கோகோபீட் பயன்படுத்துவது எப்படி’, ‘வளர்ப்புப் பை தக்காளி’ போன்ற தொடர்களைக் கொடுத்தேன். அறிக்கையில் பொருத்தமாகத் தெரிந்த தளங்களில் பதினொன்றைக் கையால் சேர்த்தேன். விளையாட்டுச் செயலிகள் அனைத்தையும் விலக்கினேன். அங்கே வரும் கிளிக்குகளில் பெரும்பாலானவை குழந்தையின் கட்டைவிரல்.

அப்போது ஒன்று புரிந்தது. ‘மாடித்தோட்டத்தின் நன்மைகள்’ என்ற வகைக் கட்டுரைகளில் கிளிக் வந்தது, ஆர்டர் வரவில்லை. மண் கலவை விகிதம் சொல்லும் பக்கங்களிலும், நார்த்தூளை எத்தனை முறை கழுவ வேண்டும் என்று விளக்கும் பக்கங்களிலும்தான் ஆர்டர் வந்தது. அந்தப் பக்கத்தைப் படிப்பவர் மாடியில் காலிப் பையோடு நிற்கிறார். அவர் யார், வயது என்ன, போன வாரம் எதைப் பார்த்தார் என்பதெல்லாம் எனக்குத் தேவையே இல்லை. விளம்பர வாசகத்தையும் அதற்கேற்ப மாற்றினோம். ‘இயற்கையோடு வாழுங்கள்’ என்று ஏஜென்சி எழுதியதைத் தூக்கிவிட்டு, ‘கழுவிய, உப்புக் குறைந்த 5 கிலோ கட்டி, ஊறினால் சுமார் 70 லிட்டர்’ என்று வைத்தோம்.

இதையெல்லாம் சரிசெய்த நாளிலிருந்து 28 நாள் எண்ணினோம். ஆடிப்பட்டம் என்பதால் எல்லா ஊரிலும் விற்பனை கூடத்தான் செய்யும். ரீமார்க்கெட்டிங் ஓடிய மூன்று ஊர்களில் 71. பக்கம் பார்த்து வைத்த மூன்று ஊர்களில் 96. பழைய விகிதப்படி அங்கே 73 வாக்கில் வந்திருக்க வேண்டும். கூடுதலாக 23 ஆர்டர், செலவு 7,000 ரூபாய், ஆர்டருக்கு ஏறத்தாழ 300. கூரியர் போக ஓர் ஆர்டரில் எங்களுக்கு 420 ரூபாய் நிற்கிறது. ஆகவே ஆர்டருக்கு மிச்சம் 120. பெரிய லாபமில்லை, உண்மை லாபம்.

ரீமார்க்கெட்டிங்கே வீண் என்று நான் சொல்வதாக யாரும் கீழே வந்து சண்டை போட வேண்டாம். மூன்று வாரம் யோசித்து, நான்கு கடையில் விலை கேட்டு வாங்கும் சோலார் பேனல் போன்ற பொருளுக்கு, நினைவூட்டுவது பயன்படலாம். படிக்கப் பக்கமே இல்லாத பொருள்களும் உண்டு. பள்ளிப் பையைப் பற்றி யார் கட்டுரை படிக்கிறார்கள்? எங்கள் முறைக்கும் கூரை தாழ்வுதான். தமிழில் மண் கலவை பற்றிய பக்கங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாளுக்கு 400 ரூபாய் வைத்துப் பார்த்தபோது, மிச்சப் பணம் பொருத்தமில்லாத பக்கங்களுக்கு ஒழுகத் தொடங்கியது. பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது: நெதர்லாந்தின் பொது ஒலிபரப்புக்கு விளம்பரம் விற்கும் ஸ்டெர், 2020 தொடக்கத்தில் குக்கி வைத்து ஆளைத் தொடர்வதை நிறுத்திவிட்டு நிகழ்ச்சியின் பொருளை மட்டும் பார்த்து விற்றது. வருமானம் விழவில்லை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடக் கூடியது. அவர்களுக்குச் சொந்தப் பக்கங்கள் ஏராளம். நமக்கு அது இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்று சொல்லவில்லை. சிறு கடை, வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏஜென்சியிடம் சண்டைக்குப் போகாமல் இரண்டு மட்டும் கேளுங்கள்: View-through இல்லாத எண்ணிக்கை எவ்வளவு, இரண்டு ஊரில் ஒரு மாதம் நிறுத்திவைக்க முடியுமா. எங்கள் ஆள் முதல் கேள்விக்குப் பதில் அனுப்ப ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். இரண்டாவது கேள்விக்கு, நிறுத்தினால் ‘அல்காரிதம் மறந்துவிடும்’ என்றார். திருச்சி அம்மாவிடம் இதைச் சொன்னேன். “மறக்கட்டும் தம்பி, எனக்கு ஆறு பை வெண்டை விதை மட்டும் மறக்காமல் அனுப்பு” என்றார்.