பாக்கெட் தொலைந்தும் கோப்பு முழுசாக வருவது எப்படி?

கேள்வி: "பிங் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பாக்கெட் தொலைகிறது. ஆனால் அதே இணைப்பில் இறக்கும் கோப்பு ஒரு பைட் பிசகாமல் வந்துவிடுகிறது. நடுநடுவே மட்டும் நின்று நின்று ஓடுகிறது. இப்போது இரண்டு கணினிகளுக்கு இடையே டிசிபி வழியாகத் தரவு அனுப்பும் புரோகிராம் ஒன்றை எழுதுகிறேன். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும் வேலையை நான் எழுத வேண்டுமா, டிசிபியே பார்த்துக்கொள்ளுமா?"

இணைப்பு உயிரோடு இருக்கும்வரை, தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்புவது டிசிபியின் வேலை. அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். வைத்தால் ஒரே தரவு இரண்டு தடவை போய்ச் சேரும். ஆனால் மறுமுனையில் இருக்கும் புரோகிராம் அதைப் படித்து, செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததா என்பது டிசிபிக்குத் தெரியாது. அதை உறுதி செய்வது உங்கள் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று புரிந்தால், நின்று நின்று ஓடுவதற்கான காரணமும் கூடவே புரிந்துவிடும்.

பிங் டிசிபியின் வழியாகப் போவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாக அனுப்பும். பதில் வராவிட்டால் தொலைந்தது என்று கணக்கில் எழுதிவிட்டு அடுத்ததை அனுப்பும். அதனால் அடியில் இருக்கும் ஐபி வலையின் இயல்பான குணம் அதில் அப்படியே தெரிகிறது. வழியில் ஒரு ரூட்டரின் வரிசை நிரம்பிவிட்டால் அது பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும், பொதுவாக அனுப்பியவருக்குச் சொல்லவும் சொல்லாது. வைஃபை சிக்னல் கெட்டாலும் இதே கதைதான். டிசிபி இதைத் தடுப்பதில்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்து, மறுபடி அனுப்பி, வரிசை கட்டிய பிறகே உங்கள் கையில் கொடுக்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி? டிசிபி எண் போடுவது பாக்கெட்டுகளுக்கு அல்ல, பைட்டுகளுக்கு. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அதில் இருக்கும் முதல் பைட்டின் எண் இருக்கும். பெறுபவர் அனுப்பும் ஒப்புகையில் அவர் அடுத்து எதிர்பார்க்கும் பைட்டின் எண் இருக்கும். ஒப்புகையில் 2001 என்று வந்தால், "2000 வரை இடைவெளி இல்லாமல் வந்துவிட்டது, இனி 2001 வேண்டும்" என்று பொருள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அனுப்ப வேண்டியது 10,000 பைட். பாக்கெட்டுக்கு 1000 வீதம் பத்து பாக்கெட். (சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டில் 1460 பைட் வரை பிடிக்கும், தொடக்க எண்ணும் 1 ஆக இருக்காது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் இப்படி.) பத்தையும் அனுப்புபவர் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிடுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வரும்வரை காத்திருப்பதில்லை, காத்திருந்தால் வேகமே வராது.

முதல் பாக்கெட் போய்ச் சேர்ந்தது, ஒப்புகை 1001. இரண்டாவது சேர்ந்தது, ஒப்புகை 2001. மூன்றாவது, அதாவது 2001 முதல் 3000 வரை, வழியில் தொலைந்தது. நான்காவது சேர்ந்தது. இப்போது பெறுபவர் என்ன சொல்வார்? 2001 இன்னும் வரவில்லை, எனவே மறுபடியும் 2001 என்றே சொல்வார். ஐந்தாவதுக்கும் 2001, ஆறாவதுக்கும் 2001. நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் அவர் தூக்கிப் போடவில்லை. தன் பஃபரில் வைத்திருக்கிறார்.

அனுப்புபவர் பக்கத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தடவை வந்ததும் அவர் பதறுவதில்லை. பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேர்வது வலையில் சகஜம், மூன்றாவது கொஞ்சம் தாமதமாக வந்துகொண்டிருக்கலாம். மூன்று தடவை நகல் ஒப்புகை வந்துவிட்டால், தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி மூன்றாவதை மட்டும் உடனே மறுபடி அனுப்புகிறார். அது சேர்ந்த நொடியில் பெறுபவரின் ஒப்புகை 2001-இலிருந்து ஒரே தாவலாக 10001-க்குப் போகும். ஏனென்றால் மற்றதெல்லாம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது.

இதையே பெறுபவர் பக்கத்துப் புரோகிராமின் கண்ணால் பாருங்கள். முதலில் 2000 பைட் வந்தது. அப்புறம் எதுவுமே இல்லை. பிறகு திடீரென்று 8000 பைட் மொத்தமாக வந்து விழுந்தது. அந்த அமைதியான நேரத்தில் ஏழு பாக்கெட் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓட்டை இருந்ததால் உங்களிடம் கொடுக்கவில்லை. நீங்கள் பார்த்த நின்று நின்று ஓடுதலில் ஒரு பகுதி இதுதான். வரிசை பிசகாமல் தருவேன் என்ற வாக்கைக் காப்பாற்ற டிசிபி நேரத்தை விலையாகக் கொடுக்கிறது.

ஒப்புகையே தொலைந்தால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 4001 என்ற ஒப்புகை தொலைந்து 5001 வந்துவிட்டால், 5000 வரை எல்லாம் சேர்ந்தது என்று அதிலேயே அடங்கிவிடுகிறது. கடைசி ஒப்புகை தொலைந்து, அனுப்புபவர் வீணாக ஒரு பாக்கெட்டை மறுபடி அனுப்பினாலும் கவலை இல்லை. எண்ணைப் பார்த்து இது ஏற்கெனவே வந்தது என்று பெறுபவர் ஒதுக்கிவிடுவார். டிசிபியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே ஓர் எண் வரிசையால் தொலைவது, இரட்டிப்பது, முன்பின்னாவது மூன்றும் தீர்ந்துவிடுகின்றன.

இனி சிக்கலான இடத்துக்கு வருவோம். தொலைந்தது மூன்றாவது இல்லை, பத்தாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் பாக்கெட்டே இல்லை, எனவே நகல் ஒப்புகை வர வழியும் இல்லை. அனுப்புபவருக்கு மிச்சம் இருப்பது கடிகாரம் மட்டும்தான். இவ்வளவு நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் தொலைந்ததாக எடுத்துக்கொள்வது என்று ஒரு காலக்கெடு வைக்கிறார். போய்வரும் நேரத்தைத் தொடர்ந்து அளந்து, அதன் சராசரியோடு அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்து இந்தக் கெடு கணக்கிடப்படுகிறது. லினக்ஸில் அந்தக் கூடுதல் பங்கு குறைந்தது 200 மில்லிநொடி. போய்வர 40 மில்லிநொடி ஆகும் இணைப்பில் கெடு சுமார் 240 மில்லிநொடி வரும்.

கெடு தாண்டியும் பதில் இல்லை என்றால் மறுபடி அனுப்பி, கெடுவை இரட்டிப்பாக்குகிறது. உங்கள் வைஃபை 2 நொடி முழுவதுமாகப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வோம். மறு அனுப்புதல்கள் 0.24 நொடியில், 0.72-இல், 1.68-இல், பிறகு 3.6-இல் நடக்கும். முதல் மூன்றும் வீண். வைஃபை 2-ஆம் நொடியிலேயே திரும்பிவிட்டது. ஆனால் அடுத்த முயற்சி 3.6-இல்தான். சிக்னல் முழுசாக இருக்கும்போதே ஒன்றரை நொடிக்கு மேல் எதுவும் நகராது. (புதிய லினக்ஸ் கர்னல்கள் கெடுவுக்கு முன்பே ஒரு சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பார்க்கும், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) சிக்னல் வந்துவிட்டதே, ஏன் இன்னும் ஓடவில்லை என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

இரட்டிப்பாக்காமல் 240 மில்லிநொடிக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே இருக்கக் கூடாதா? நெரிசலால் பாக்கெட் தொலையும்போது எல்லாரும் அப்படித் தட்டினால் நெரிசல் இன்னும் கூடும். 1986 அக்டோபரில் இதை ஒத்தது நிஜமாகவே நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சில நூறு கெஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரையின் வழிகளைத்தான் இன்றைய டிசிபியும் அடித்தளமாக வைத்திருக்கிறது. காலக்கெடுவைக் கணக்கிடும் முறை அதிலிருந்து வந்தது. பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறைப்பதும் அப்படித்தான். உங்கள் இணைப்பில் 2 சதவீதம் தொடர்ந்து தொலைகிறது என்றால், டிசிபி வேகத்தைக் கூட்டத் தொடங்கும்போதெல்லாம் ஒரு பாக்கெட் தொலைந்து மறுபடி இறங்கிவிடும். கோப்பு மெதுவாக வருவதற்கு மறுபடி அனுப்பும் 2 சதவீதத்தைவிட இந்த இறக்கம்தான் பெரிய காரணம்.

உங்கள் இணைப்பில் இது நடக்கிறதா என்று லினக்ஸில் நேராகவே பார்க்கலாம். தரவு அனுப்பும் கணினியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, மறுமுனை முகவரியைப் போட்டு இதை இயக்குங்கள்:

```
ss -ti dst 192.0.2.10
```

வரும் வரியில் மூன்றை மட்டும் கவனியுங்கள். `rtt:40.1/3.2` என்பதில் முதல் எண் போய்வரும் நேரத்தின் சராசரி, இரண்டாவது அதன் ஏற்ற இறக்கம், இரண்டும் மில்லிநொடியில். `rto:240` என்பது இப்போதைய காலக்கெடு. இது ஆயிரக்கணக்கில் ஏறி நின்றால் பலமுறை இரட்டிப்பாகி, பதில் வராமல் காத்திருக்கிறது என்று அர்த்தம். `retrans:0/57` என்பதில் பின்னால் இருப்பது இணைப்பு தொடங்கியதிலிருந்து மறுபடி அனுப்பியவை. பத்து நொடி இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், பிங் காட்டிய இழப்பு கோப்பையும் தொடுகிறது. ஏறவே இல்லை, அல்லது `retrans` என்ற பகுதியே வரவில்லை என்றால், பிங் பதிலை மட்டும் ஏதோ ஒரு சாதனம் அலட்சியம் செய்துகொண்டிருக்கலாம். அப்படி நடப்பதும் உண்டு. அப்போது தடங்கலுக்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இனி உங்கள் புரோகிராம். `send()` வெற்றி என்று திரும்பினால், தரவு உங்கள் கணினியின் கர்னல் பஃபருக்குப் போய்விட்டது என்று மட்டுமே பொருள். மறுமுனையிலிருந்து டிசிபி ஒப்புகை வந்தாலும், அந்தக் கர்னல் பெற்றுக்கொண்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. படிப்பதற்கு முன்பே அங்கிருக்கும் புரோகிராம் செத்துப்போயிருக்கலாம். எனவே உங்கள் செய்தி வடிவத்திலேயே "முடித்துவிட்டேன்" என்ற பதில் ஒன்று இருக்கட்டும்.

அந்தப் பதில் 2 நொடியில் வரவில்லை என்று அதே இணைப்பில் மறுபடி எழுதிவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். அளவுகளைப் பதிவு செய்யும் ஒரு கருவிக்கு எழுதிய புரோகிராம் அது. வைஃபை தடுமாறிய நேரங்களில் ஒரே அளவு மூன்று தடவை பதிவாகியிருந்தது. டிசிபி எதையும் தொலைக்கவில்லை. காத்திருந்து, நான் எழுதிய மூன்று பிரதிகளையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. டிசிபியைப் பொறுத்தவரை அவை மூன்று வெவ்வேறு பைட் தொகுப்புகள்.

சரியான வழி இதுதான். ஒவ்வொரு செய்திக்கும் நீங்களே ஓர் அடையாள எண் கொடுங்கள். நியாயமான நேரம், 30 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள், காத்திருங்கள். லினக்ஸ் தானாகவே இணைப்பைக் கைவிடும்வரை விட்டால் இயல்பான அமைப்பில் 15 நிமிடம்கூட ஆகும். உங்கள் நேரம் தாண்டினால் இணைப்பை மூடி, புதிதாகத் திறந்து, அதே அடையாள எண்ணோடு அனுப்புங்கள். அந்த எண்ணை ஏற்கெனவே முடித்திருந்தால் மறுமுனை வேலையைத் திரும்பச் செய்யாமல், முடித்துவிட்டேன் என்ற பதிலை மட்டும் தர வேண்டும். முடித்த எண்களை அது வட்டில் எழுதி வைத்திருப்பதும் அவசியம், இல்லாவிட்டால் ஒருமுறை அணைந்து எழுந்ததும் எல்லாம் மறந்துபோகும்.